பூவரசும் கிளையும்: ஒரு திருமண வாழ்த்துப் பாடல் உருவான விதம்

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு தை மாதத் திருமணத்துக்காக நான் எழுதிக் கொடுத்த வாழ்த்துப் பாடலைப் பற்றிய பதிவு இது. இரு வீட்டாரிடமும் கேட்டுவிட்டே எழுதுகிறேன். அவர்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன். பாடலின் வரிகளையும், திருத்துவதற்கு முன் அவை எப்படி இருந்தன என்பதையும் மறைக்காமல் வைத்திருக்கிறேன். இதே வேலையைச் செய்பவர்களுக்கு அந்தத் திருத்தங்கள்தான் பயன்படும்.

பின்னணி

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, வடகடல் பக்கத்து ஊர்க்காரி. பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும்தான் எங்கள் பகுதியில் சொல்வோம். மணமகன் வீடு எங்கள் ஊருக்கு அருகில். அவனுடைய அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறார்கள். அவன் படகு இன்ஜின் பழுது பார்க்கிறான். மணமகள் தென்கடல் ஊர். அவளுடைய அம்மா பாசிக்குப் போகிறவர். தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்களில் ஒருவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு அரை நாள் தண்ணீரில் கிடக்கும் வேலை அது. அப்பா இல்லை. பல வருடங்களுக்கு முன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை.

மார்கழி பிறந்த சில நாளில் மணமகளின் தாய்மாமன் வந்தார். "டீச்சர், தாலி கட்டி முடிஞ்சதும் மேடையில புள்ளைக பாடணும். மாப்பிள்ளை பொண்ணுக்கு ஒண்ணு, ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணொண்ணு. அச்சடிச்சு மடலாவும் குடுக்கணும்" என்றார். நாற்பது நாள் இருந்தது.

முதலில் கேட்டதும் கேட்காமல் விட்டதும்

இந்த வேலைக்கு உட்காரும்போது நான் வழக்கமாகச் சிலவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்வேன். இரு வீட்டிலும் மூத்தவர் யார், பிள்ளையை வளர்த்த கை யாருடையது, வீட்டுத் தொழில் என்ன, வாசலில் என்ன இருக்கிறது, பாடப் போகிறவர்கள் யார். வாசலைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வாழ்த்துப் பாட்டில் பொதுவான பொன்னும் மணியும் எந்த வீட்டுக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த வீட்டிலும் ஒட்டாது. வாசலில் நிற்கும் மரம், கட்டிக் கிடக்கும் வள்ளம், திண்ணையில் உட்காரும் பாட்டி என்று ஒன்று வரியில் வந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து கேட்பார்.

தாய்மாமன் சொன்ன விவரங்களில் ஒன்று அப்போது எனக்குச் சாதாரணமாகப் பட்டது. மணமகள் வீட்டு வாசலில் ஒரு பூவரசு நிற்கிறது, அவள் பிறந்த வருடம் அவளுடைய அப்பா வைத்த மரம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

கேட்காமல் விட்ட கேள்வி, அந்த வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பது. அதனால் என்ன ஆனது என்று பின்னால் வருகிறது.

மணமகன் வீட்டிலிருந்து ஒரு தாள் வந்தது. பாட்டில் வர வேண்டியவர்கள் என்று பதினான்கு பெயர்கள். சித்தப்பா, மாமா, பட்டணத்தில் இருக்கும் அத்தை வீட்டுப் பையன் வரைக்கும் இருந்தார்கள்.

மெட்டு எது என்ற முடிவு

பாடப் போகிற பெண்பிள்ளைகள் ஒரு சினிமாப் பாட்டு மெட்டைக் கேட்டார்கள். செல்போனில் இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடிவிடலாம் என்றார்கள். நான் கும்மி மெட்டு என்று முடிவு செய்ததற்கு ஒரே காரணம் குலவை. எங்கள் கடற்கரையில் மங்கலக் காரியம் நடந்தால் மூத்த பெண்கள் குலவை போடுவார்கள். அது விழ ஓர் இடம் வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் இசையில் அந்த இடம் கிடைக்காது. கிழவிகள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கும்மியில் ஓர் அடி ஏழு சீர். முன்பாதியில் நான்கு, பின்பாதியில் மூன்று. ஏழாம் சீரை நீட்டி நிறுத்தினால் எட்டாம் சீருக்கான தட்டு ஒன்று மிச்சம் இருக்கும். பாடுகிறவர்கள் அந்தத் தட்டில் மூச்சு வாங்குவார்கள். பாட்டின் கடைசி அடி என்றால் குலவை அங்கேதான் எழும்.

இரண்டு அடிக்கு ஒரு பாட்டு என்று ஐந்து பாட்டு போதும் என்று வைத்துக்கொண்டேன். ஓர் அடியை ஒருத்தி சொல்லி மற்றவர்கள் திருப்பிப் பாடினால், ஒரு பாட்டு குலவையோடு சேர்த்து ஒரு நிமிடத்துக்குள் முடியும். மொத்தம் நான்கைந்து நிமிடம். தாலி கட்டி முடிந்து, ஆசீர்வாதத்துக்குக் கூட்டம் மேடை ஏறத் தொடங்குவதற்குள் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான்.

பதினான்கு பெயருக்கு இதில் இடமில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பெயர்களை அடுக்கினால் பின்னால் வந்த பெயருக்குரியவர் வருத்தப்படுவார், விடுபட்டவர் அதைவிட வருத்தப்படுவார். ஆகவே பாட்டில் பெயர் வேண்டாம், உறவும் உழைப்பும் மட்டும் வரட்டும், பெயர்களெல்லாம் அச்சு மடலின் தலைப்பில் வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். மணமகன் வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். இந்த முடிவு ஓர் இடத்தில் தவறாகப் போனது.

முதல் வரைவு

தொடக்கப் பாட்டு சிரமமில்லாமல் வந்தது. முதற்சொல் மங்கலச் சொல்லாக இருக்க வேண்டும் என்பது பாட்டியல் நூல்களின் விதி. அவை சொல்லும் பத்துப் பொருத்தங்களில் மற்றவற்றை இன்று யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை. மங்கலப் பொருத்தத்தை மட்டும் விட மாட்டேன். சபையில் காது முதலில் பிடிப்பது அந்த ஒரு சொல்லைத்தான். சீர் என்பது அந்த மங்கலச் சொற்களில் ஒன்று.

சீர்கொண்ட பந்தலில் செவ்வாழை நாட்டியே
    செம்பொன் விளக்கொளி ஏற்றிவைத்தோம்
ஊர்கொண்ட சொந்தங்கள் ஒன்றாகக் கூடியே
    ஓங்கும் குலவையும் போட்டுநின்றோம்

மணமகன் வீட்டுக்கு எழுதியதில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே படகில் தொழில் செய்வதை வைத்தேன். படகுத் தொழிலில் பிடிபட்டதைப் பங்கு போடுவார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அந்தக் கணக்கு அன்பில் வரவில்லை என்பது கருத்து.

அண்ணனும் தம்பியும் ஓர்வலை போட்டவர்
    அன்பினில் பங்கெனப் பார்த்ததில்லை
எண்ணிய நல்வாழ்வு பிள்ளைக்குச் சேர்த்திட
    ஏந்திய கைகளும் வாழியவே

மணமகள் வீட்டுக்கு எழுதியது இது:

ஆழக் கடலலை தாண்டிக் கரைசேர்ந்த
    ஆசை மகளிவள் வாழியவே
வாழத் துணைவந்த வள்ளலின் கைப்பற்றி
    வாடை தணிந்திட வந்துநின்றாள்

எழுதி முடித்தபோது எனக்கு இது நிறைவாக இருந்தது. மோனை விழுந்திருக்கிறது, எதுகை நிற்கிறது, தளை தட்டவில்லை. கடற்கரைப் பெண்ணுக்குக் கடலை வைத்தே பாடியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

வாசித்துக் காட்டியபோது கண்டவை

சபையில் பாடுவதற்கு முன் இரு வீட்டு மூத்த பெண்களிடமும் தனித்தனியாகப் படித்துக் காட்டுவது என் வழக்கம். முதலில் மணமகனின் அப்பத்தாவிடம் படித்தேன். "ஏந்திய கைகளும்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "ஏந்துற கைன்னா என்ன டீச்சர்? எங்க வீட்டுல யாரும் யார்கிட்டயும் கையேந்தினது இல்ல" என்றார். பிள்ளையைத் தூக்கி ஏந்திய கை என்று நான் எழுதியிருந்தேன். அவர் காதில் விழுந்தது வேறு. மைக்கில் ஒரே ஒருமுறை கேட்பவருக்கு விளக்கம் சொல்ல யாரும் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. அங்கேயே "என்றும் உழைத்தகை வாழியவே" என்று மாற்றினேன். சீர் அதே அளவில் நின்றது.

அடுத்த வாரம் தென்கடல் ஊருக்குப் போனேன். மணமகளின் அம்மாவும் அம்மாச்சியும் திண்ணையில் இருந்தார்கள். முதல் வரியைப் படித்ததுமே அம்மா எழுந்து உள்ளே போனார். அடுப்பைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்து நான் தொடர்ந்து படித்தேன். முடித்த பிறகு அம்மாச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "கரை சேர்ந்தான்னு பாடுறியே ஆத்தா, கரை சேராதவன் நெனப்பு வராதா எங்களுக்கு?"

அந்த வீட்டில் கடலும் அலையும் கரையும் வெறும் சொற்கள் இல்லை. அப்பாவின் உடல் கிடைக்கவில்லை என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். கரையில் பல நாள் காத்து நின்றவர்களின் முன்னால் உட்கார்ந்து "கரைசேர்ந்த" என்று படித்திருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு அது வலிக்கிறது.

அந்த ஒரு பாட்டில் மேலும் மூன்று பிழைகளை அம்மாச்சி எடுத்துக் காட்டினார்.

பெண்ணைக் கரைசேர்த்துவிட்டோம் என்பது நம் பேச்சில் சாதாரணமாகப் புழங்குகிறது. பாரத்தை இறக்கி வைத்தோம் என்பதுதான் அதன் பொருள். பெண் வீட்டாரை வாழ்த்தும் பாட்டில் அவர்கள் மகளைப் பாரம் என்று சொல்லியிருக்கிறேன். "வள்ளல்" என்ற சொல்லும் அப்படியே. எதுகைக்காக அடுத்த அடியை "வாழ" என்று தொடங்கியதும் மோனைக்கு வகரச் சொல் தேடினேன், வள்ளல் வந்து நின்றது. மணமகன் வள்ளல் என்றால் பெண் வீட்டார் யார்? படகுள்ள வீட்டுக்கும் பாசி எடுக்கும் வீட்டுக்கும் நடக்கும் சம்பந்தத்தில் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது பிழை என் ஊர் செய்தது. வாடைக்காற்று எங்கள் வடகடலைக் கலக்கும் காற்று. ஐப்பசிக்கு மேல் எங்கள் ஆட்கள் வாடை எப்போது தணியும் என்றுதான் பார்த்துக் கிடப்பார்கள். அதனால் வாடை என்றால் துன்பம் என்று எழுதிவிட்டேன். அம்மாச்சி சிரித்தார். "வாடையிலதான் எங்க கடல் தெளிஞ்சு கெடக்கும். பாசிக்குப் போற காலம் அது. கச்சான் காத்து அடிச்சாத்தான் எங்களுக்குக் கஷ்டம்" என்றார். நிலத்துக்கு வடக்கே இருக்கும் கடலும் தெற்கே இருக்கும் கடலும் ஒரே காற்றுக்கு வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. ஓர் ஊரின் கேடு இன்னோர் ஊரின் பிழைப்பு. காற்றின் பெயரைப் பாட்டில் வைப்பதென்றால் யாருடைய கடல் என்று கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, இந்தப் பாட்டில் கடல், அலை, கரை, காற்று எதுவும் வராது என்பது.

அடுத்த கேள்வி கடினமானது. அப்பாவைச் சொல்வதா வேண்டாமா? சொல்லாமல் விட்டால் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்றாகிவிடும். மறைந்த, இல்லாத, பிரிந்த என்று எதைச் சொன்னாலும் மங்கலப் பாட்டில் அமங்கலம் நுழையும். மணமேடையில் மகள் அழுவாள், கூட்டத்தின் கண் தாயின் பக்கம் திரும்பும். விண்ணிலிருந்து வாழ்த்துகிறார் என்று எழுதும் வழக்கம் உண்டு, நானும் முன்பு எழுதியிருக்கிறேன். ஆனால் அதுவும் இறப்பைத்தான் சுற்றிச் சொல்கிறது, கேட்கிறவர்களுக்கு அது உடனே புரியும்.

திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோது எதிரில் அந்தப் பூவரசு நின்றது. பந்தக்காலுக்கு எந்தக் கிளையை வெட்டுவது என்று பார்த்து அதில் மஞ்சள் துணி கட்டி வைத்திருந்தார்கள். ஒருவர் செய்துவிட்டுப் போனது இன்றும் நிற்கிறது என்றால் அதைச் சொல்லலாம், அதில் அமங்கலம் இல்லை. "நட்டார்" என்ற வினை நடந்து முடிந்த நல்ல காரியம். மரம் நிற்கிறது என்பது நிகழ்காலம். இறப்பு என்ற செய்தி அந்த இரண்டுக்கும் நடுவில் எங்குமே தேவைப்படவில்லை. கிளை என்ற சொல்லுக்குச் சுற்றத்தார் என்ற பொருளும் உண்டு. கிளையோடு நிற்கிறது என்றால் உறவோடு நிற்கிறார் என்றும் ஆகும். தேடி எடுத்த சிலேடை இல்லை அது, சொல்லிலேயே இருந்தது.

இன்னொரு முடிவு தாயைப் பற்றியது. கணவரை இழந்த பெண்களை மணவறைப் பக்கம் வர விடாத பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அந்த அம்மாவும் தான் மேடைக்கு வரப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதை மாற்றுவது என் பாட்டின் வேலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பாட்டில் முதலில் வருவது அவராக இருக்கலாம். பாசி எடுப்பதைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அது கௌரவக் குறைவாகப் படுமோ என்பது என் தயக்கம். அவர் சொன்னார்: "எடுத்தது பாசிதான டீச்சர், களவா எடுத்தேன்? பாடட்டும்."

அங்கேயே எழுதிய பாட்டு:

பாசி எடுத்திட்ட கைகளில் ஈரமும்
    பாசமும் காயாமல் காத்துவந்தாள்
வாசலில் அப்பன்கை வைத்திட்ட பூவரசு
    வாழ்த்தும் கிளையுடன் நிற்குதம்மா

படித்துக் காட்டியபோது அம்மா இந்த முறை எழுந்து போகவில்லை. அம்மாச்சி இரண்டாம் அடியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

கடைசி முடிவு வரிசை பற்றியது. இரு வீட்டுப் பாட்டில் எது முதலில் என்ற பேச்சு ஏற்கெனவே எழுந்திருந்தது. மாப்பிள்ளை வீடுதான் முதலில் என்பது வழக்கம். அதை மாற்றவில்லை. பாடுகிறவர்களை மாற்றினேன். மாப்பிள்ளை வீட்டாரை வாழ்த்தும் பாட்டைப் பெண் வீட்டுப் பிள்ளைகளும், பெண் வீட்டாரை வாழ்த்தும் பாட்டை மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளும் பாட வேண்டும் என்றேன். தன் வீட்டைத் தானே புகழ்ந்து பாடினால் அது வாழ்த்தாகாது. மாற்றிப் பாடும்போது ஒவ்வொரு வீடும் மற்ற வீட்டின் வாயால் தன்னைக் கேட்கிறது. அதன்பின் முதலில் யார் என்ற பேச்சு அடங்கிவிட்டது.

மணமக்களுக்கான பாட்டையும் முடிவுப் பாட்டையும் ஒரே மாலையில் எழுதினேன். அவற்றில் சிக்கல் எழவில்லை.

உப்பும் அரிசியும் ஒன்றாய் நிறைந்திட
    உள்ளமும் இல்லமும் ஓர்நிறையாய்
எப்போதும் நீங்களே எம்மனை வாசலில்
    ஏற்றும் விளக்கென வாழியவே

நீரும் நிலமும் நெடுநாள் நிலைப்பதாய்
    நீங்கள் இருவரும் நீடுவாழ்க
ஊரும் உறவும் உவந்தே குலவையை
    ஓங்க இடுகின்றோம் வாழியவே

ஒத்திகை

இரு ஊருக்கும் இடையில் பேருந்தில் போய்வரவே பாதி நாள் ஆகும். ஆகவே பிள்ளைகள் ஒன்றாகக் கூடி ஒத்திகை பார்க்கவில்லை. நான் பாடிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் இரு குழுவுக்கும் அனுப்பினேன், அவர்கள் பாடித் திருப்பி அனுப்பினார்கள். உச்சரிப்பைத் திருத்தினேன். "வாழ்த்தும்" என்பதை "வாள்த்தும்" என்று சொன்ன பிள்ளையைப் பத்து முறை சொல்ல வைத்தேன். தாளமும் சரியாக இருந்தது. சுருதியை நான் கவனிக்கவே இல்லை.

திருமண நாளில்

தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்கியது. பாட்டு இருப்பதை மேளக்காரர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகள் தொடக்கப் பாட்டின் முதல் அடியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே நாதஸ்வரம் அடுத்த உருப்படியைத் தொடங்கிவிட்டது. தாய்மாமன் ஓடிப் போய்ச் சொல்லி நிறுத்தினார். முதல் பாட்டை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

பெண் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் முறை வந்ததும் மிகவும் உச்சத்தில் எடுத்துவிட்டார்கள். "எண்ணிய நல்வாழ்வு" என்ற இடத்தில் இருவர் குரல் எட்டாமல் நின்றுவிட்டார்கள். மீதிப் பிள்ளைகள் சமாளித்து முடித்தார்கள். குலவை விழுந்தது, ஆனால் சின்னதாக.

அடுத்து மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் பாசிப் பாட்டை எடுத்தார்கள். இவர்கள் தாழ்ந்த சுருதியில் தொடங்கியதால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அந்த அம்மா மண்டபத்தின் பின்பக்கத் தூணருகே நின்றிருந்தார். நான் அவர் இருந்த பக்கம் பார்க்கக் கூடாது என்று மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூவரசு என்ற சொல் வந்தபோது மணமகள் தலையை நிமிர்த்தி வாசல் பந்தக்கால் இருந்த பக்கம் பார்த்தாள். அவள் அழவில்லை. கடைசிச் சீரில் குலவையை முதலில் எடுத்தவர் மணமகனின் அப்பத்தா. மூன்று முறை எழுந்தது. அன்று விழுந்த குலவைகளில் அதுதான் நீளமானது.

பின்னர் நடந்தவை

மறுவீடு முடிந்த மூன்றாம் நாள் மணமகளின் அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். அவர் தூரத்தில் வேலை பார்ப்பவர், திருமணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் வந்து சேர்ந்திருந்தார். குரல் உயர்த்தாமல்தான் பேசினார். "மரத்தச் சொன்னீங்க டீச்சர், நல்லாத்தான் இருந்துச்சு. எங்கப்பா பேர ஒரு தடவ அந்த மைக்குல சொல்லியிருக்கலாம்."

என்னிடம் பதில் இருந்தது. பாட்டில் யாருடைய பெயரும் இல்லை, அச்சு மடலின் தலைப்பில் தெய்வத்திரு என்று போட்டு அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அவர் கேட்டது தீர்ந்துவிடாது என்று எனக்குத் தெரிந்தது. மணமகன் வீட்டுத் தாளில் இருந்த பதினான்கு பேரும் மண்டபத்தில் ஆளாக உட்கார்ந்திருந்தார்கள். பெயர் விடுபட்டாலும் அவர்கள் முகம் இருந்தது. அவருடைய அப்பாவுக்குப் பெயரைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக நான் வைத்த விதி அவர் ஒருவருக்கு மட்டும் பொருந்தவில்லை.

அந்த வாரமே ஒரு தாளில் மணமகள் வீட்டுப் பாட்டை மட்டும் தனியாக எழுதி, மேலே அப்பாவின் பெயரை எழுதி, "வைத்த மரம்" என்று தலைப்பிட்டுக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகத் தாய்மாமன் சொன்னார்.

மறுபடி செய்தால் மாற்றுவது

எந்தச் சொல் இந்த வீட்டில் வரக் கூடாது என்பதை முதல் நாளே கேட்பேன். அந்தத் திருமணத்துக்குப் பின் எழுதிய பாட்டுகளுக்கெல்லாம் அப்படியே கேட்டு வருகிறேன். கேட்டதும் பெரும்பாலும் ஒரு சின்ன மௌனம் வரும், பிறகு ஒரு கதை வரும்.

வாசித்துக் காட்டும்போது மூத்த பெண்களோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். அப்பா இல்லாத வீட்டில் மூத்த மகன் எங்கே இருந்தாலும் போனிலாவது படித்துக் காட்டுவேன். மைக்கில் பெயர் சொல்ல வேண்டுமென்றால் பாட்டுக்கு முன்னால் சொல்லலாம். பாடத் தொடங்கும் பிள்ளை, இன்னாரின் மகளை வாழ்த்திப் பாடுகிறோம் என்று ஒரு வரி சொன்னால் போதும். மங்கலமும் கெடாது, யாப்பும் கெடாது. இது அன்று எனக்குத் தோன்றவில்லை.

மேளக்காரரிடம் முந்தின நாளே பேச வேண்டும். பாட்டு முடிந்தது என்று அவருக்குக் காட்ட ஓர் ஆளை நிறுத்த வேண்டும். இரு ஊர்க் குழு என்றால் செல்போனில் ஒரே சுருதியை வைத்து அனுப்பி, இரு குழுவும் அதை ஓடவிட்டுத்தான் பழக வேண்டும். மேடையிலும் தொடங்குவதற்கு முன் அதே சுருதி ஒலிக்க வேண்டும்.

திருமணத்தைப் படம் பிடித்தவர்கள் மூலம் பாட்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போயிருக்கிறது. பங்குனியில் தென்கடல் பக்கத்து இன்னொரு ஊரில் ஒரு திருமணத்துக்குப் போனபோது பாசிப் பாட்டைப் பாடினார்கள். அந்த வீட்டு அம்மாவும் பாசிக்குப் போகிறவர்தான். அந்த வாசலில் பூவரசு இல்லை, ஒரு வேம்பு நின்றது. பிள்ளைகள் "வாசலில் அப்பன்கை வைத்திட்ட வேப்பமரம்" என்று பாடினார்கள். வேப்பமரம் என்பதும் பூவரசு போலவே நேர், நிரை, நேர். தாளம் தட்டாமல் அந்தச் சீரில் உட்கார்ந்துகொண்டது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியோடு முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.